ஆப்பை அழித்த பிறகும் பணம் போகிறதா? சப்ஸ்கிரிப்ஷன் பட்டியலைப் பாருங்கள்

அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து வாரா வாரம் 149 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. ரேஷன் கார்டை ஸ்கேன் செய்ய ஓர் ஆப்பை இறக்கியிருக்கிறார். மூன்று நாள் இலவசம் என்றதும் யுபிஐ பின்னையும் போட்டுவிட்டார். வேலை முடிந்ததும் ஆப்பை அழித்துவிட்டார், அதோடு கதை முடிந்தது என்று நினைத்தார். நான் கவனித்தபோது 14 வாரம் ஆகியிருந்தது, மொத்தம் 2,086 ரூபாய்.

ஆப்பை அழிப்பது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு. ஆப் இருப்பது போனில். சந்தா இருப்பது உங்கள் கூகுள் கணக்கில். போனையே மாற்றினாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆண்ட்ராய்டு போனில் இப்படிப் பாருங்கள். பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தொடுங்கள். வரும் பட்டியலில் Payments & subscriptions, அதற்குள் Subscriptions. நடப்பில் உள்ள சந்தாக்கள் எல்லாம் இங்கே இருக்கும். அடுத்து எந்தத் தேதியில் எவ்வளவு எடுப்பார்கள் என்பதும் தெரியும். வேண்டாததைத் தொட்டு, கீழே உள்ள Cancel subscription-ஐ அழுத்துங்கள். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்கும், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதற்குப் பிறகு இன்னொரு முறை உறுதி கேட்கும். பலர் முதல் அழுத்தலிலேயே முடிந்துவிட்டது என்று வெளியே வந்துவிடுகிறார்கள். கடைசி வரை போய், பட்டியலுக்குத் திரும்பி, அந்த ஆப்பின் கீழே ரத்தானதாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, அப்பாவின் போனில் இதெல்லாம் செய்தேன். பட்டியல் காலி! ஆனால் பணம் போகிறதே? இங்கேதான் பலர் கைவிட்டு விடுகிறார்கள்.

அந்த வட்டப் படத்தை மறுபடி தொட்டால், பெயருக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினேன். அப்பாவுக்கே தெரியாத இன்னொரு ஜிமெயில் முகவரி அங்கே இருந்தது. போன் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் அவசரத்துக்குத் திறந்து கொடுத்தது. அதற்கு மாறி, மீண்டும் Subscriptions-க்குப் போனால் ஸ்கேன் ஆப் அங்கே உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பட்டியல் போனுக்கு ஒன்று அல்ல, கணக்குக்கு ஒன்று. போனில் எத்தனை கணக்கு இருக்கிறதோ, அத்தனையையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். எந்தக் கணக்கு என்று சந்தேகம் இருந்தால், Payments & subscriptions-க்குள்ளேயே Budget & history இருக்கும். அதில் தேதியும் தொகையும் வங்கி எஸ்எம்எஸ்ஸோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

ஐபோன் என்றால் Settings-ஐத் திறந்து, மேலே உள்ள உங்கள் பெயரைத் தொட்டு, Subscriptions-க்குள் போங்கள். மற்றபடி ஏறக்குறைய இதே கதைதான். இலவசக் காலத்தில் இருந்தால் மட்டும் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். முடிவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னாலாவது ரத்து செய்துவிட வேண்டும்.

எல்லாக் கணக்கிலும் தேடியும் கிடைக்கவில்லையா? அப்படியானால் அது பிளே ஸ்டோர் வழியாகப் போகாத சந்தாவாக இருக்கலாம். சில ஆப்கள் தங்கள் இணையதளத்திலேயே நேரடியாகப் பணம் வாங்கிவிடும். அவை இந்தப் பட்டியலில் வரவே வராது. யுபிஐயில் போவதாக இருந்தால், உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும், அதில் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரியும். கார்டு என்றால் வங்கி ஆப்பிலோ தளத்திலோ தேட வேண்டும். பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விளம்பரம் என்று நினைத்து நாம் தள்ளிவிடும் எஸ்எம்எஸ்களில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

பிளே ஸ்டோர் சந்தாவுக்கு ஆட்டோபேயை மட்டும் நிறுத்துவது அரைகுறை வேலை. பணம்தான் போகாது, சந்தா பட்டியலில் நிலுவையோடு கிடக்கும். முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள், அப்புறம் ஆட்டோபேயைப் பாருங்கள்.

ரத்து செய்தால் போன பணம் திரும்பி வருமா? தானாக வராது. ஏற்கெனவே கட்டிய காலம் முடியும் வரை ஆப்பைப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். கடைசியாகப் பிடித்து 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடம் ரீஃபண்ட் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் ஆப்பை நடத்துபவர்களுக்குத்தான் எழுத வேண்டும். அப்பாவுக்குக் கடைசி வாரத்து 149 ரூபாய் திரும்ப வந்தது. மீதி 13 வாரத்துப் பணத்துக்கு எழுதிய மெயிலுக்கு இன்னும் பதில் இல்லை.