நம்ம டீமுக்கு எத்தனை சதவீதம்? பந்தயத்துக்கு முன்னாடி நோட்டில் எழுதிப் பார்க்கும் முறை

2023 டிஎன்பிஎல் ஃபைனல் ஜூலை 12 அன்று நம்ம சங்கர் நகர் மைதானத்தில் நடந்தது. நெல்லை ராயல் கிங்ஸுக்கு எழுபது சதவீதம் என்று சொல்லி டீக்கடை அண்ணாச்சியிடம் அரைக் கிலோ அல்வா பந்தயம் கட்டினேன். கோவை 205 அடித்தது, நாம் 101-க்கு ஆல் அவுட். "என்னடே, எழுபது எங்க போச்சு?" என்றார் அண்ணாச்சி.

அந்த எழுபது எங்கிருந்து வந்தது என்று அப்புறம் யோசித்தேன். லீக்கில் அஜிதேஷ் சதம் அடித்து இதே கோவையை ஜெயித்தது கண்ணுக்குள்ளேயே நின்றது, இரண்டு நாள் முன்னால் இதே மைதானத்தில் திண்டுக்கல்லைச் சாய்த்ததும் சேர்ந்துகொண்டது. ஆனால் கோவை லீக்கில் ஏழில் ஆறு ஜெயித்த டீம், நாம் ஐந்து. நம்ம டீமை பந்து பந்தாகப் பார்க்கிறோம், மற்ற டீமை ஸ்கோராக மட்டும் பார்க்கிறோம், அதனால் நினைவில் நம்ம பக்கமே கனம் கூடுகிறது.

இப்போது டாஸுக்கு முன்னாடியே நோட்டில் எழுதிவிடுகிறேன். (அல்வா பந்தயத்தைத்தான் சொல்கிறேன், காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு 2025 சட்டப்படி தடை.)

முதலில் பெயரை மறைத்து எழுதுங்கள். ஏழில் ஆறு ஜெயித்த டீமும், ஏழில் ஐந்து ஜெயித்து சொந்த மைதானத்தில் ஆடும் டீமும் மோதினால்? நான் இரண்டாவதுக்கு 45, மிஞ்சினால் 50 கொடுப்பேன். அதன் பக்கத்தில் மனசு சொல்லும் எண்ணை, அதாவது 70-ஐ, எழுதுங்கள்.

அடுத்து, தோற்றால் எதனால் தோற்போம் என்று மூன்று காரணம். "ராசி இல்லை" என்பதெல்லாம் காரணம் ஆகாது, "பவர்பிளேயில் மூணு விக்கெட் போனால் பாரமெல்லாம் அஜிதேஷ் தலையில்" என்பது காரணம். ஜெயிக்கும் காரணத்தை எழுதவே வேண்டாம், அது ஏற்கெனவே தலையில் நிறைய இருக்கு, எழுதினால் நம்பிக்கை இன்னும் ஏறும்.

பிறகு கடைசி எண். அதை அல்வாவில் நிறுத்துப் பாருங்கள்: 70 என்று சொல்பவர், தோற்றால் 700 கிராம் கொடுத்து, ஜெயித்தால் 300 கிராம் வாங்கச் சம்மதிக்க வேண்டும். கை தயங்கினால் எண்ணைக் குறையுங்கள். நான் அன்றைக்கு இதைச் செய்திருந்தால் 50-க்கு மேல் போயிருக்க மாட்டேன்.

ஒரு மேட்ச் தோற்றதால் 70 தப்பு என்று ஆகிவிடாது, பத்தில் மூன்று தோற்கத்தானே செய்யும். நம்ம டீமின் இருபது மேட்ச் எண்களைக் கூட்டி நூறால் வகுங்கள். கூட்டுத்தொகை 1300 வந்தால் 13 வெற்றி எதிர்பார்த்தீர்கள் என்று அர்த்தம். ஜெயித்தது 11 என்றால் விடுங்கள், அந்த அளவு வித்தியாசம் அதிர்ஷ்டத்திலேயே வரும். எட்டு என்றால் சந்தேகப்படலாம். நமக்குச் சம்பந்தமில்லாத டீம்கள் ஆடும் இருபது மேட்சுக்கும் இதே கணக்கைப் போடுங்கள், அங்கே சரியாக வந்து இங்கே மட்டும் வழுக்கினால் கோளாறு கிரிக்கெட் அறிவில் இல்லை, பாசத்தில்.

மேட்ச் தொடங்கிய பிறகு எண்ணைத் திருத்தக் கூடாது. என் நோட்டு அதனால்தான் இப்போது அண்ணாச்சியின் கல்லாப்பெட்டியில் கிடக்கிறது.