ஆரஞ்சு டப்பாவில் எழுதியிருக்காத சேர்மானங்கள்

ஊரில் மாத்திரை அட்டையாக வரும். அமெரிக்காவில் பெரும்பாலும் பார்மசிக்காரர் பெரிய பாட்டிலிலிருந்து எண்ணி, ஆரஞ்சு டப்பாவில் போட்டுத் தருவார். அதன் லேபிளில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். கூடச் சேர்த்த ஜெலட்டின், லாக்டோஸ், சாயம் எதுவும் இருக்காது. கடையில் நாமே எடுக்கும் இருமல் மருந்து, தலைவலி மாத்திரைப் பெட்டிகளில் மட்டும் Inactive ingredients என்ற தலைப்பின் கீழ் அவை அச்சாகியிருக்கும்.

சுத்த சைவமான என் அம்மா இங்கு வந்திருந்தபோது, பல்வலிக்கு அமாக்சிசிலின் 500 மி.கி. கேப்சூல் எழுதிக் கொடுத்தார்கள். டப்பாவைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்மசியில் தயாரிப்பாளர் பெயரையும், ஒவ்வொரு மருந்துத் தயாரிப்புக்கும் தனியாக இருக்கும் NDC என்ற எண்ணையும் கேட்டு வாங்கினேன். அந்த எண்ணை dailymed.nlm.nih.gov தளத்தில் போட்டால் அந்தத் தயாரிப்பின் பக்கமே திறக்கும். கடைசிப் பகுதியான INGREDIENTS AND APPEARANCE-ஐத் திறந்தால் முழுப் பட்டியலும் கிடைக்கும். அதில் GELATIN இருந்தது. மாட்டினுடையதா பன்றியினுடையதா என்று அங்கே பெரும்பாலும் போட்டிருக்காது. ஹலால் பார்ப்பவர்கள் தயாரிப்பாளரிடம்தான் கேட்க வேண்டும்.

அதே மருந்து மாத்திரையாகவும் உண்டு. பார்மசிக்காரர் டாக்டரைக் கூப்பிட்டுப் பேசி மாற்றிக் கொடுத்தார். நாமாகக் கேப்சூலைப் பிரித்துக் கொட்டி விழுங்கக் கூடாது. சில கேப்சூல்களில் மருந்து மெதுவாகவோ குடலிலோ வெளிப்படும்படி செய்திருப்பார்கள். பிரித்தால் அது கெட்டுப்போகலாம். மாத்திரைப் பட்டியலில் MAGNESIUM STEARATE இருந்தால் அது தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். அம்மா அந்தச் சிறு அளவை ஏற்றுக்கொண்டார். அது அவரவர் முடிவு.

அலர்ஜி என்றால் கணக்கு வேறு. பால் குடித்தால் வயிறு உப்புபவர்களுக்கு ஒரு மாத்திரையில் உள்ள லாக்டோஸ் பெரும்பாலும் தொல்லை தராது. ஆனால் பால் புரதத்துக்கே கடும் அலர்ஜி உள்ளவர்கள் ஆஸ்துமாவுக்கான பவுடர் இன்ஹேலரில் கவனமாக இருக்க வேண்டும். பலவற்றில் லாக்டோஸோடு பால் புரதம் துளியளவு ஒட்டியிருக்கும். சாயத்தில் FD&C Yellow No. 5 என்பது டார்ட்ரசீன். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. ஆல்கஹாலைத் தவிர்ப்பவர்கள் திரவ மருந்துகளில் ALCOHOL என்ற சொல்லைத் தேடுங்கள்.

இதையெல்லாம் மருந்தை வாங்கும் முன்பே கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோன மருந்தைப் பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் ரீஃபில்லின்போது மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால், பெரும்பாலும் தயாரிப்பாளர் மாறியிருப்பார். மருந்து அதுவேதான்; துணைப் பொருட்கள் வேறாக இருக்கலாம். புது NDC எண்ணை மறுபடி போட்டுப் பாருங்கள்.