மின்னஞ்சலில் ஒட்டியதும் அட்டவணை ஏன் கலைகிறது?

விரிதாளிலிருந்து நகலெடுத்த அட்டவணையில் நெடுவரிசைகளைப் பிரிப்பது டேப் எழுத்து. அதை அப்படியே அனுப்புவதுதான் முதல் தவறு. டேப்புக்கென்று நிலையான அகலம் கிடையாது. வழக்கமாக எட்டு எழுத்துகளுக்கு ஒருமுறை வரும் அடுத்த நிறுத்தத்துக்கு அது தாவுகிறது. மறுமொழியில் வரியின் முன்னால் `>` குறியும் ஓர் இடைவெளியும் சேரும்போது, நான்கெழுத்துச் சொல் முதல் நிறுத்தத்துக்குள்ளேயே அடங்க, ஏழெழுத்துச் சொல் அதைத் தாண்டிவிடுவதால், ஒரே நேர்கோட்டில் இருந்த எண்கள் இரண்டு இடங்களில் நிற்கின்றன. ஆகவே டேப்பை முன்கூட்டியே இடைவெளிகளாக மாற்றிவிட வேண்டும். அட்டவணையை `stock.txt` என்ற கோப்பில் சேமித்தால், லினக்ஸில் இதற்கு ஒரே கட்டளை வரி போதும்:

```
column -t -s $'\t' -R 2,3 stock.txt | sed 's/ *$//'
```

```
Item         Qty    Rate
A4 paper      12  285.00
Stapler pin    5   18.50
```

`-s` பகுதியை விட்டுவிட்டால் `A4 paper` என்பது இரண்டு நெடுவரிசைகளாக உடையும். `-R` எண்களை வலப்புறம் ஒதுக்குகிறது. மேக் கணினியில் உள்ள `column` கட்டளைக்கு இந்த வசதி இல்லை.

இறுதியில் உள்ள `sed` ஒவ்வொரு வரியின் முடிவிலும் எஞ்சும் இடைவெளிகளை நீக்குகிறது; அது வெறும் அலங்காரம் அன்று. எல்லா வரிகளையும் ஒரே நீளமாக்க வேண்டும் என்று கடைசி நெடுவரிசைக்குப் பின்னும் இடைவெளி நிரப்புவோர் உண்டு. ஆனால் 2004-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3676 என்ற இணையத் தரநிலை ஆவணம் வரையறுக்கும் `format=flowed` முறையில், வரியின் முடிவில் இடைவெளி இருந்தால் அந்த வரி அடுத்த வரியிலும் தொடர்கிறது என்று பொருள். அனுப்பும் நிரல் அந்த இடைவெளியை நீக்காவிட்டால், பெறுநரின் திரையில் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பத்தியாகிவிடும்.

அடுத்தது எழுத்துரு. `i`, `m` ஆகியவற்றின் அகலம் வேறுபடும் எழுத்துருவில், இடைவெளிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நெடுவரிசைகள் கோணலாகவே தெரியும். அதைக் கண்டு மேலும் இடைவெளிகளைத் தட்டிச் சரிக்கட்டுவது வீண். அது அந்த எழுத்துருவுக்கு மட்டுமே பொருந்தும். ஜிமெயிலில் `Plain text mode` பாதுகாப்பானது என்று பலரும் நம்புகிறார்கள், ஆனால் அங்கே எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கவே வழியில்லை. சாதாரண முறையிலேயே ஒட்டி, அட்டவணையை மட்டும் தேர்ந்தெடுத்து `Fixed Width` கொடுப்பது மேல். சிக்கல் எதில் என்பதையும் எளிதாக அறியலாம்: கோணல் வரிக்கு வரி சிறிதாக மாறினால் எழுத்துரு காரணம், பல இடைவெளிகள் ஒன்றாகச் சுருங்கியிருந்தால் ஹெச்.டி.எம்.எல். காரணம்.

தமிழ்ச் சொற்கள் கலந்தால் இவ்வளவு செய்தும் வரிசை நிற்காது. ‘தமிழ்’ என்பது கண்ணுக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடுகள், யூ.டி.எஃப்-8 வடிவில் 15 பைட்டுகள். இவற்றில் எந்த எண்ணும் அது திரையில் அடைக்கும் அகலத்தைச் சொல்வதில்லை. எண்களை முன்னால் வைத்து, தமிழ்ப் பெயர்களைக் கடைசி நெடுவரிசைக்குத் தள்ளிவிட்டால், அவற்றின் அகலம் எப்படி மாறினாலும் அவற்றுக்குப் பின்னால் கலைவதற்கு எதுவும் இருக்காது.