விற்ற சரக்கில் ஒரு பகுதி திரும்பி வந்தால் கிரெடிட் நோட் போடுவது எப்படி?

சரக்கு முழுவதும் திரும்பி வந்தால் கணக்கு சுலபம். பில்லில் உள்ள எல்லாத் தொகையையும் அப்படியே திருப்பி எழுதிவிடலாம். கொஞ்சம் மட்டும் திரும்பி வரும்போதுதான் கணக்கு உதைக்கும். அதுவும் பில்லின் அடியில் மொத்தமாகத் தள்ளுபடி கொடுத்திருந்தால், வாடிக்கையாளர் சொல்லும் தொகையும் நாம் போடும் தொகையும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. எங்கள் கடையில் இது வந்தபோது சரிசெய்த முறையை இங்கே எழுதுகிறேன். ஜிஎஸ்டி பதிவு உள்ள மொத்த வியாபாரி, பதிவு உள்ள இன்னொரு கடைக்கு விற்ற கணக்கு இது. பில் போடத் தெரியும், மாதாமாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கணக்கு இதுதான்

கோவையில் உள்ள மின்சாதன மொத்தக் கடை, பொள்ளாச்சிக் கடை ஒன்றுக்கு 12-11-2025 அன்று பில் போடுகிறது. பில் எண் 147.

சீலிங் ஃபேன் 20, விலை 1,500. எல்இடி டியூப் 30, விலை 200. இரண்டும் சேர்த்து 36,000. பில்லின் அடியில் 5% தள்ளுபடி, அதாவது 1,800. வரிக்குரிய மதிப்பு 34,200. இரண்டு பொருளுக்கும் வரி 18%. இரண்டு கடையும் தமிழ்நாட்டுக்குள் இருப்பதால் சிஜிஎஸ்டி 3,078, எஸ்ஜிஎஸ்டி 3,078. பில் தொகை 40,356. பொள்ளாச்சிக்காரர் அதில் 20,000 கட்டிவிட்டார்.

டிசம்பர் முதல் வாரத்தில் நான்கு ஃபேன் திரும்பி வருகிறது. கேட்ட நிறம் இல்லை என்பது காரணம்.

முதல் படி: பில்லில் கை வைக்காதீர்கள்

நவம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய டிசம்பர் 11 வரை நேரம் இருக்கிறது. அதனால் "பில்லையே 16 ஃபேன் என்று திருத்திவிடலாமே" என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். செய்ய வேண்டாம். நவம்பர் 12 அன்று 20 ஃபேன் கடையை விட்டுப் போனது உண்மை. வாடிக்கையாளர் கையில் இருக்கும் பில்லிலும் 20 என்றுதான் இருக்கிறது. நாம் 16 என்று ஏற்றினால் அவருடைய கொள்முதல் கணக்கும் போர்ட்டலில் அவருக்குத் தெரியும் தொகையும் முட்டிக்கொள்ளும். நம் ஸ்டாக் புத்தகத்திலும் நான்கு ஃபேன் எப்போது போய் எப்போது வந்தது என்ற தடமே இருக்காது.

பில் நவம்பரில் அப்படியே நிற்கட்டும். திரும்பி வந்ததற்கு டிசம்பர் தேதியிட்டுத் தனி ஆவணம் போட வேண்டும். அதுதான் கிரெடிட் நோட். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது.

இரண்டாம் படி: சரக்கை எண்ணி வாங்குங்கள்

திரும்பி வரும் சரக்கோடு டெலிவரி சலான் வர வேண்டும். எந்தப் பில்லில் வாங்கியது என்று அதில் எழுதியிருக்கட்டும். எண்ணிக்கையையும் பொருளின் நிலையையும் பார்த்து எழுதிய பிறகுதான் கிரெடிட் நோட். போனில் "நாலு அனுப்பிட்டேன் அண்ணே" என்று சொன்னதை நம்பிக் கிரெடிட் நோட் போட்டு, பார்சலில் மூன்று வந்தால் மறுபடி திருத்தம் போட வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: தொகை (இங்கே நிதானமாக வாசியுங்கள்)

பொள்ளாச்சிக் கடைக்காரர் தன் பக்கம் டெபிட் நோட் எழுதி அனுப்பியிருந்தார். அதில் 7,080 ரூபாய். நான்கு ஃபேனுக்கு 6,000, அதற்கு 18% வரி 1,080. பார்த்தால் சரி போலத்தான் தெரியும். ஆனால் அவர் அந்த ஃபேனை 1,500-க்கு வாங்கவில்லை. பில்லின் அடியில் கழித்த 5% ஒவ்வொரு ஃபேனுக்கும் சேர்த்துத்தான். அவருக்கு ஒரு ஃபேன் விழுந்த விலை 1,425. எந்த மதிப்புக்கு வரி வசூலித்தோமோ, அந்த மதிப்பைத்தான் திருப்ப முடியும்.

```
4 x 1500          = 6000
5% தள்ளுபடி       =  300
வரிக்குரிய மதிப்பு = 5700
CGST 9%           =  513
SGST 9%           =  513
மொத்தம்           = 6726
```

இரண்டுக்கும் வித்தியாசம் 354 ரூபாய். 7,080-க்குப் போட்டால், கொடுத்த தள்ளுபடியில் 300 ரூபாயை இன்னொரு முறை கொடுத்தது போலாகும். அரசுக்குக் கட்டாத 54 ரூபாய் வரியையும் திரும்பக் கேட்டதாகிவிடும்.

சரிபார்க்க ஒரு வழி: மீதமுள்ள சரக்குக்குப் புதிதாக ஒரு பில் போட்டுப் பாருங்கள். ஃபேன் 16-க்கு 24,000, டியூப் 6,000, மொத்தம் 30,000. 5% போக 28,500. வரி 5,130. ஆக 33,630. பழைய பில் 40,356-இல் 6,726 கழித்தாலும் அதே 33,630. இரண்டும் ஒன்றாக வந்தால் கிரெடிட் நோட் சரி. வரவில்லை என்றால் தள்ளுபடியைப் பங்கிட்டதில் எங்கோ பிசகு. தள்ளுபடி சதவீதமாக இல்லாமல் "ரவுண்டாக 2,000" என்று கொடுத்திருந்தால், ஒவ்வொரு பொருளின் மதிப்புக்கும் ஏற்ற விகிதத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.

வரி விகிதமும் பழைய பில்லில் இருந்ததுதான். 22-09-2025 முதல் பல பொருள்களுக்கு விகிதம் மாறியது. அதற்கு முன் 12% போட்டு விற்ற சரக்கு, 5% ஆன பிறகு திரும்பி வந்தாலும் கிரெடிட் நோட்டில் 12% தான் வரும். மென்பொருள் தானாக இன்றைய விகிதத்தை எடுத்துப் போடும், கவனியுங்கள்.

நான்காம் படி: நோட்டில் என்ன இருக்க வேண்டும்

"கிரெடிட் நோட்" என்ற தலைப்பு, இரு தரப்புப் பெயர், முகவரி, ஜிஎஸ்டிஐஎன் எண், 16 எழுத்துக்குள் ஒரு தொடர் எண், தேதி, மூலப் பில்லின் எண்ணும் தேதியும், வரிக்குரிய மதிப்பு, விகிதம், வரித்தொகை, கையெழுத்து. தொடர் எண்ணை விற்பனைப் பில் வரிசையோடு கலக்காதீர்கள். CN/25-26/018 போலத் தனி வரிசை வைத்தால் ஆண்டு முடிவில் ஆடிட்டர் கேட்கும்போது தேட வேண்டியதில்லை. உங்கள் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டி இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்றால், கிரெடிட் நோட்டுக்கும் ஐஆர்என் எடுக்க வேண்டும். பில்லுக்கு எடுத்தது போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

எக்செலில் நோட் அடித்து, கணக்கைத் தனியாக எழுதும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஒரே பதிவில் பாக்கி, வரி, ஸ்டாக் மூன்றும் மாற வேண்டும். நான் டேலி பிரைம்தான் பரிந்துரைப்பேன். `Alt+F6` அழுத்தினால் கிரெடிட் நோட் வவுச்சர் திறக்கும். மூலப் பில் எண் 147, தேதி கொடுங்கள். காரணம் `01-Sales Return`. பில்வாரி விவரம் கேட்கும்போது `Against Ref` தேர்ந்தெடுத்து 147-ஐக் காட்டுங்கள். `New Ref` கொடுத்தால் அந்தப் பில் 20,356 பாக்கி என்றே நிற்கும், கிரெடிட் தனியாகத் தொங்கும். அப்புறம் வசூலுக்குப் போகிற பையன் முழுப் பாக்கியையும் கேட்டு வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குவான்.

தள்ளுபடிக்குத் தனி லெட்ஜர் வைத்திருந்தால் கிரெடிட் நோட்டிலும் அந்த லெட்ஜரில் 300-ஐத் திருப்ப வேண்டும். புதியவர்கள் பொருள் வரிசையிலேயே விலையை 1,425 என்று போட்டுவிடுவது நல்லது. பதிவு இப்படி விழும்:

```
விற்பனைத் திருப்பம்  பற்று 5700
Output CGST         பற்று  513
Output SGST         பற்று  513
  பொள்ளாச்சிக் கடை  வரவு 6726
```

இனி அவர் பாக்கி 20,356-இலிருந்து 13,630 ஆக இறங்கியிருக்க வேண்டும். ஸ்டாக்கில் நான்கு ஃபேன் கூடியிருக்க வேண்டும். இரண்டையும் உடனே பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: ரிட்டர்ன்

கிரெடிட் நோட் தேதி 03-12-2025. ஆகவே அது டிசம்பர் ஜிஎஸ்டிஆர்-1-இல் போகும். நவம்பர் ரிட்டர்னைத் தொட வேண்டாம். பதிவு பெற்ற வாடிக்கையாளர் என்பதால் அட்டவணை 9B, திரையில் `CDNR`. வகை `Credit Note`. தொகையை மைனஸ் போட்டு எழுதாதீர்கள், 5,700 என்றே கொடுங்கள். கழிக்க வேண்டும் என்பதை வகையைப் பார்த்துப் போர்ட்டலே புரிந்துகொள்ளும். ஜிஎஸ்டிஆர்-3B-யில் டிசம்பர் விற்பனை வரியிலிருந்து 1,026 ரூபாய் குறையும்.

கடைசிக் கெடு ஒன்று உண்டு. 2025-26 நிதியாண்டுப் பில் என்றால், 30-11-2026 அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், இதில் எது முந்தியோ அதற்குள் கிரெடிட் நோட்டை ரிட்டர்னில் காட்டிவிட வேண்டும். அதன் பிறகும் வாடிக்கையாளரின் பாக்கியைக் குறைக்கலாம், கட்டிய வரியை மட்டும் குறைக்க முடியாது.

பின்சேர்க்கை 1: "கஸ்டமர் டெபிட் நோட் அனுப்பிட்டாரே, அது போதாதா?"

பலர் கேட்டது இது. போதாது. வாங்குபவர் எழுதும் டெபிட் நோட் அவருடைய புத்தகத்துக்கும், நமக்குத் தகவலுக்கும் மட்டும். ஜிஎஸ்டியில் வரியைக் குறைப்பது விற்றவர் போடும் கிரெடிட் நோட்தான். விற்றவர் ஜிஎஸ்டியில் டெபிட் நோட் போட்டால் பில்லின் மதிப்பு கூடும். அவர் அனுப்பிய டெபிட் நோட்டைப் பார்த்து, நீங்களும் `Debit Note` என்று ஏற்றினால் 1,026 குறைவதற்குப் பதில் இன்னொரு 1,026 ஏறிவிடும்.

பின்சேர்க்கை 2: வாடிக்கையாளர் ரிஜெக்ட் செய்தால்

அக்டோபர் 2024 முதல் போர்ட்டலில் ஐஎம்எஸ் வந்திருக்கிறது. நாம் ஏற்றும் கிரெடிட் நோட் வாடிக்கையாளர் திரையில் தெரியும். அவர் ஏற்கலாம், நிராகரிக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். நிராகரித்தால் நாம் குறைத்த 1,026 அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-3B-யில் நம் தலையிலேயே திரும்ப ஏறும். இதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நான்கு ஃபேனுக்கு அவர் இன்புட் எடுத்திருப்பார். அதை அவர் திருப்பிக் கட்டினால்தான் நாம் குறைத்துக்கொள்ள முடியும். ஒரே வரியை இரண்டு பேர் எடுக்க முடியாது அல்லவா.

நிராகரிப்புகளில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் தொகைத் தகராறுதான். அவர் புத்தகத்தில் 7,080, நம் நோட்டில் 6,726. அதனால் போர்ட்டலில் ஏற்றுவதற்கு முன்பே நோட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, தள்ளுபடிக் கணக்கை விளக்கி, அவருடைய டெபிட் நோட்டை 6,726-க்குத் திருத்தச் சொல்லுங்கள். தாக்கல் செய்த பிறகு அவருடைய கணக்காளரைப் பிடிப்பது கஷ்டம்.

பின்சேர்க்கை 3: ஜிஎஸ்டி பதிவு இல்லாத வாடிக்கையாளர்

கடையில் நேரடியாக வாங்கிய வீட்டுக்காரர் ஒரு ஃபேனைத் திருப்பிக் கொடுத்தால் `CDNR` பக்கம் போக வேண்டாம். அந்த மாதச் சில்லறை விற்பனையைக் காட்டும் அட்டவணை 7-இல் கிரெடிட் நோட் தொகையைக் கழித்து நிகரத்தைக் காட்டினால் போதும். அவர் பக்கம் இன்புட் கிடையாது, ஆகவே ஐஎம்எஸ் தொல்லையும் இல்லை. ஆனால் தள்ளுபடிக் கணக்கு அவருக்கும் இதேதான்: கையில் வாங்கிய தொகைதான் திருப்பிக் கொடுக்கும் தொகை. நோட்டில் அவர் கையெழுத்தை வாங்கி, பழைய பில்லின் நகலோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.