'கிளம்பு' என்று சொல்லிக்கொண்டே டீ ஊற்றும் அப்பா: அனிமேஷன் வசனத்தில் உட்பொருள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீடு. விடியற்காலை, இன்னும் பனி விலகவில்லை. மகள் ஸ்வெட்டர் போட்டு, பையை வாசலில் வைத்துவிட்டு, கடைசியாக ஒரு டம்ளர் டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அப்பா சொல்கிறார்: "நேரமாச்சும்மா, கிளம்பு. பஸ் போயிடும்." சொல்லிக்கொண்டே அவள் டம்ளரில் மறுபடியும் டீயை ஊற்றுகிறார்.

வாய் போகச் சொல்கிறது, கை இருக்கச் சொல்கிறது. இதைத்தான் உட்பொருள் என்கிறோம், ஸ்டுடியோக்களில் சப்டெக்ஸ்ட் என்பார்கள். இந்த ஒரே ஷாட்டை, ஆறு நொடி, அதாவது நொடிக்கு 24 பிரேம் கணக்கில் 144 பிரேமில், எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதல் படி: இரண்டு வரி எழுதுங்கள்

ஒரு தாளில் மேலே வசனம். அதற்குக் கீழே, பாத்திரம் உண்மையில் கேட்க நினைப்பது. இங்கே கீழ்வரி: "இன்னும் அஞ்சு நிமிஷம் இரேன்." இந்தக் கீழ்வரி ஒரு ஆசையாக, ஒருவரிடம் கேட்கும் ஒன்றாக இருக்க வேண்டும். "அப்பாவுக்கு வருத்தம்" என்று எழுதினால் அதை வைத்துக் கையை அசைக்க முடியாது, முகத்தைத்தான் தொங்கப்போட முடியும்.

இரண்டாம் படி: கைக்கு ஒரு வேலை

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. அப்பா மேஜையைத் துடைத்தால் என்ன? துடைக்கலாம், ஆனால் அது வெறும் வேலை. வசனத்தோடு மோதவில்லை. வாசலில் இருக்கும் பையை எடுத்துக் கையில் கொடுத்தால், வசனம் சொல்வதையே கையும் சொல்கிறது. டீ ஊற்றினால் மட்டும்தான் கதை வருகிறது. டம்ளர் நிறைந்தால் அவள் அதைக் குடித்து முடிக்க வேண்டும், சூடாக வேறு இருக்கும். மகளை அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கிற செயல் அது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் செயல் நடந்தால் எதிரில் இருப்பவர் என்ன செய்யும்படி ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் கீழ்வரியோடு பொருந்தினால் சரி.

மூன்றாம் படி: குரல்

போனிலேயே பதிவு செய்யலாம். பேசுபவரிடம் கீழ்வரியைச் சொல்லாதீர்கள். பஸ் நேரத்தைப் பற்றி மட்டும் யோசித்துச் சாதாரணமாகப் பேசச் சொல்லுங்கள். குரல் தழுதழுத்துவிட்டால் காதே எல்லாவற்றையும் சொல்லிவிடும், அப்புறம் கைக்கு வேலை இல்லை.

பிளெண்டர் மென்பொருளில் செய்பவர்கள் பிரேம் ரேட்டை 24 ஆக்கிவிட்டு, ஒலியைச் சேர்த்து, டைம்லைனில் Playback பட்டியலில் Sync to Audio தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் படம் மெதுவாக ஓடும்போது வசனமும் உதடும் விலகிப்போகும், உங்கள் கணக்கே தப்பாகத் தெரியும். ஒவ்வொரு சொல்லும் தொடங்கும் இடத்தில் M அழுத்தி அடையாளம் வையுங்கள்.

நான்காம் படி: பிரேம் கணக்கு

என்னுடைய பதிவில் "நேரமாச்சும்மா" 19 முதல் 40 வரை. "கிளம்பு" 48 முதல் 62 வரை. "பஸ் போயிடும்" 86 முதல் 108 வரை. உங்களுடையது வேறாக இருக்கும், ஆனால் சொற்களுக்கு நடுவே இடைவெளி கட்டாயம் வேண்டும். 62க்கும் 86க்கும் நடுவே ஒரு நொடி இருக்கிறது பாருங்கள், ஷாட்டின் உயிர் அங்கேதான்.

முதல் 18 பிரேம், அப்பா ஜன்னல் வழியே ரோட்டைப் பார்க்கிறார். 19இல் பேசத் தொடங்கும்போதும் பார்வை ரோட்டில்தான். 44இல், அதாவது "கிளம்பு" தொடங்க 4 பிரேம் முன்னால், கை கெட்டிலை நோக்கி நகர்கிறது. சொல்லுக்கு முன்னால் கை புறப்பட்டால்தான் அவர் யோசிக்காமல் செய்கிறார் என்று தெரியும். சொன்ன பிறகு புறப்பட்டால், சொன்னதை மாற்றிக்கொண்டார் என்று பொருள் மாறிவிடும். 56இல் பிடியைப் பிடிக்கிறார், 66இல் கெட்டில் உயர்கிறது, 72இல் டீ விழத் தொடங்குகிறது.

ஏன் "கிளம்பு" முடிந்து 10 பிரேம் கழித்து? பார்ப்பவரின் கண் ஒரு நேரத்தில் ஒரு இடத்தைத்தான் பார்க்கும். சொல்லும் ஊற்றுவதும் ஒரே பிரேமில் விழுந்தால் இரண்டில் ஒன்று வீணாகிவிடும். சொல் முதலில் காதில் இறங்கட்டும், பிறகு டீ விழட்டும். அப்புறம் 86இல் "பஸ் போயிடும்" வரும்போது, டீ விழுந்துகொண்டேயிருக்க, அந்த வரி வேறு மாதிரி கேட்கும். 116இல் ஊற்றுவது நிற்கிறது, 126இல் கெட்டில் கீழே.

உதட்டில் ஒரு விஷயம். தமிழில் ப, ம வரும் இடமெல்லாம் உதடு மூடியே ஆக வேண்டும், குறைந்தது 2 பிரேமாவது மூடியிருக்கட்டும். "பஸ் போயிடும்" என்பதில் மூன்று முறை மூடுகிறது. ஆனால் அப்போது அவர் குனிந்து டம்ளரைப் பார்ப்பதால் வாய் பாதி மறையும். வேலையும் குறையும், கவனமும் கைக்குப் போகும்.

ஐந்தாம் படி: முகத்தை விட்டுவிடுங்கள்

என் முதல் முயற்சியில் அப்பாவின் புருவத்தைச் சாய்த்து, கண்ணில் நீர் கோர்த்திருந்தேன். பார்த்த நண்பர் "அழறாரா?" என்றார். டீயை அவர் கவனிக்கவே இல்லை. முகத்தைச் சாதாரணமாக்கிய பிறகுதான் கை பேசியது. இன்னொரு தப்பு, "கிளம்பு" என்றதும் கையை வாசல் பக்கம் நீட்ட வைப்பது. சொல்லுக்குச் சொல் சைகை செய்தால் பாத்திரம் ஆசையே இல்லாத பொம்மையாகிவிடும்.

முகத்தில் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ரோட்டையும் டம்ளரையும் மட்டும் பார்த்தவர், 130இல் முதல்முறையாக மகளைப் பார்க்கிறார். கருவிழி 3 பிரேமில் தாவுகிறது, தலை திரும்பவில்லை. மீதி பிரேம்களில் உடல் மிக லேசாக மட்டும் நகரட்டும். முழுக்க நிறுத்திவிட்டால், முக்கியமாக 3டி-யில், உயிர் போனது போலிருக்கும்.

சோதனை

கதை தெரியாத ஒருவரிடம் முதலில் ஒலியை அணைத்துக் காட்டுங்கள். "மகளை உட்கார வைக்கப் பார்க்கிறார்" என்று சொல்ல வேண்டும். இன்னொருவரிடம் ஒலியை மட்டும் கொடுங்கள். "போகச் சொல்கிறார்" என்று சொல்ல வேண்டும். இருவரும் ஒரே பதில் சொன்னால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். முதலாமவர் "ஏதோ டீ குடிக்கிறாங்க" என்றால், வாசலில் இருக்கும் பை ஷாட்டுக்குள் தெரிகிறதா என்று பாருங்கள். பை தெரியாவிட்டால் பயணம் தெரியாது, டீ வெறும் டீதான்.

இது முடிந்ததும் அடுத்த ஷாட்டில் மகளைச் செய்து பாருங்கள். அவள் வசனம் "போதும்ப்பா". கை டம்ளரை முன்னால் நீட்டுகிறது. சொல்லுக்கு 6 பிரேம் முன்னால் நீட்டினால் அப்பா மனதை அவள் முன்பே அறிந்திருக்கிறாள். சொல் முடிந்த பிறகு, கொஞ்சம் தயங்கி நீட்டினால், இப்போதுதான் புரிந்துகொண்டாள். இரண்டையும் செய்து, பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்.