டொரன்டோவின் இரவு, கும்பகோணத்தின் காலை

கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்கு வண்டி ஏற்பாடு செய்கிறேன். டொரன்டோ தமிழர்களுக்காகக் கூகுளில் விளம்பரம் போட்டு, இரவு 8 முதல் 10 வரை ஓடும்படி வைத்தேன். கிளிக் வந்தது, ஒரு விசாரணைகூட வரவில்லை.

அப்புறம்தான் புரிந்தது. அட்டவணை, கணக்கின் நேரப்படிதான் ஓடும். என் கணக்கு இந்திய நேரம். நம் இரவு 8 மணி, குளிர்காலத்தில் அங்கே காலை 9.30. எல்லோரும் வேலையில் இருப்பார்கள்.

கனடாவுக்குத் தனி கேம்பெயின் பிரித்து, நம் காலை 6 முதல் 9 வரை மாற்றினேன். அவர்களுக்கு அது முந்தின நாள் இரவு 7.30 முதல் 10.30. அதனால் அவர்களுடைய சனிக்கிழமை இரவைப் பிடிக்க, அட்டவணையில் ஞாயிறு காலையைத் தொட வேண்டும். மார்ச்சில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அன்றே 5 முதல் 8 என்று மாற்றிவிடுகிறேன்.

விலையையும் கனடிய டாலரில் போட்டேன். வாரம் ஒருமுறை மாற்று விகிதம் பார்த்துத் திருத்துகிறேன். முதல் ஞாயிறே ஓர் அக்கா அழைத்து, “தம்பி, அம்மாவால் நடக்க முடியாது, திருநள்ளாற்றில் வண்டி எதுவரை போகும்?” என்று கேட்டார்.