எடிட்டருக்கு உதவும் தினசரி அறிக்கை: கண்டினியூட்டி பார்ப்பவருக்கான செய்முறை

கிளாப்பில் சீன், ஷொட், டேக் எண் எழுதும் முறை தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் பல அறிக்கைகள் எடிட்டிங் மேசையில் உதவாமல் கிடக்கின்றன. குறிப்பு எழுதும் கட்டத்தில் "ஓகே", சரிவராததற்கு "என்ஜி" என்பதைத் தவிர ஒன்றும் இல்லாததுதான் காரணம். எடிட்டர் ஒரு டேக்கை முழுதாக எடுப்பது அரிது. ஒரு வசனத்தை இதிலிருந்தும் அதற்கான பார்வையை அதிலிருந்தும் எடுப்பார். ஆகவே எந்தச் சொல்வரை நன்றாக வந்தது, எங்கே, எதனால் கெட்டது என்பதே அவருக்கு வேண்டிய தகவல்.

தாள். A4 தாளைப் படுக்கையாக வைத்துக் கோடு போடுங்கள்: ஷொட், டேக், கார்ட், கிளிப் எண், ஒலிக் கோப்பு, ஓடிய நேரம், குறிப்பு. பாதித் தாளைக் குறிப்புக்கே விடுங்கள். படப்பிடிப்பு இடத்தில் பென்சிலும் தாளும்தான் என் தேர்வு. உப்புவெளிக் கடற்கரை வெயிலில் கைபேசித் திரை தெரியாது. கடற்காற்றுக்குத் தாளின் மேலும் கீழும் கிளிப் போடுங்கள். இரவில் கணினி ஷீட்டில் தட்டிக்கொள்ளலாம்.

டேக் ஓடும்போது. தாளைப் பார்க்காதீர்கள், நடிகரின் கையைப் பாருங்கள். எந்தச் சொல்லில் எந்தக் கை என்ன செய்தது என்பதைத் திரைக்கதைப் பிரதியில் அந்தச் சொல்லுக்கு மேலேயே சிறு குறியாகப் போடுங்கள். "கட்" சொன்னவுடன் மூன்று விஷயம் கேட்டு எழுதுங்கள்: இயக்குநருக்குப் பிடித்ததா, கமராவுக்குச் சரியா, ஒலிக்குச் சரியா. மூன்றையும் ஒரே "என்ஜி"யில் அடைக்காதீர்கள். ஒலி கெட்ட டேக்கின் படம் நன்றாகவே இருக்கலாம்.

ஒரு உதாரணம். சீன் 14, கடற்கரைத் தேநீர்க்கடை. "வள்ளத்த வித்திட்டன், அப்பா" என்கிறாள் மகள். வலக்கையில் பாதி குடித்த பிளேன்டீயுடன் இருக்கும் அப்பா, "ஆரைக் கேட்டு வித்தனீ?" என்று கேட்டுவிட்டுக் கிளாஸை வைக்கிறார். அகல ஷொட்டான 14A அப்படித்தான் எடுக்கப்பட்டது. அடுத்தது அப்பாவின் குளோசப், 14B:

```
14B-1  C0036  0:41  போக்கஸ் பிழை "ஆரைக்" வரை; பின் சரி
14B-2  C0037  0:44  படம் சரி; கடைசி வசனத்தில் ஓட்டோ ஹோர்ன்
14B-3  C0038  0:52  ◯ கிளாஸை வைத்தபின் பேசுகிறார்;
       வசனம்: "என்னட்ட ஒரு சொல் சொன்னனீயோ?"
```

வட்டம் இயக்குநரின் தேர்வு. உங்களுக்குப் பிடித்ததற்கு வட்டம் போடவேண்டாம். மாறிய வசனத்தை, "வசனம் மாற்றம்" என்று மட்டும் எழுதாமல், நடிகர் சொன்னபடியே எழுதுங்கள்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். 14A இல் கிளாஸ் வசனத்துக்குப் பின் மேசைக்கு வருகிறது, 14B-3 இல் முன்னரே வந்துவிட்டது. வசனமும் வேறு. அந்த இடத்தில் இரண்டையும் வெட்டி ஒட்டினால் கிளாஸ் கைக்கும் மேசைக்கும் தாவும். இதை அறிக்கையில் எழுதுவதோடு நிற்கக் கூடாது. கமராவை மகள் பக்கம் திருப்புமுன் இயக்குநரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அவர் 14A ஐப் புதிய முறையில் இன்னொரு டேக் எடுக்கலாம். நேரமில்லை என்றால், மகளின் குளோசப்பிலாவது புது வசனத்தைக் கேட்கும் பார்வையை எடுத்துவைக்கலாம். எடிட்டர் அந்த முகத்துக்கு வெட்டி, கிளாஸ் நகரும் நேரத்தை மறைத்துக்கொள்வார்.

பிக்கப். வசனத்தின் நடுவிலிருந்து மீண்டும் எடுத்தால், டேக் எண்ணோடு "பிக்கப்" என்றும், தொடங்கிய சொல்லையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் முதல் பாதி எங்கே என்று எடிட்டர் தேடிக்கொண்டிருப்பார்.

கிளிப் எண் நழுவுதல். ஆரம்பத்தில் அதிகம் தடுக்குவது இங்கேதான். யாரோ தவறுதலாக ரெக்கோட் பட்டனை அழுத்தினால் நான்கு வினாடிக் கிளிப் ஒன்று உருவாகும். கமராவில் C0039 ஆகிவிடும், உங்கள் தாளிலோ அடுத்த டேக்குக்குத்தான் C0039. அதன்பின் அன்று முழுவதும் ஒவ்வொரு வரியும் ஒன்று பிசகும். கார்ட் மாற்றும்போதும் சாப்பாட்டுக்குப் பிறகும் கமரா உதவியாளரிடம் திரையில் உள்ள எண்ணைக் கேட்டு ஒப்பிடுங்கள். தவறிய கிளிப்புக்கும் ஒரு வரி ஒதுக்கி "வெற்று" என்று எழுதுங்கள். சில கமராக்களில் கார்ட் மாறினால் எண் திரும்ப C0001 இலிருந்து தொடங்கும். கார்ட் எண்ணுக்குத் தனிக் கட்டம் வைத்தது அதற்காகத்தான்.

இரண்டு கமரா ஓடினால். டேக் ஒன்றுதான், ஆனால் வரி இரண்டு. A கமராவில் போக்கஸ் போன டேக் B இல் தெளிவாக இருக்கலாம், எனவே குறிப்பும் தனித்தனி. ஒன்று ஓடவில்லை என்றால் அந்த வரியை வெறுமையாக விடாமல் "ஓடவில்லை" என்று எழுதுங்கள்.

இரவில். தாள்களைப் படம் பிடித்து, காட்சிகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலேயே அந்தத் தேதியின் கோப்புறையில் போடுங்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில் மூன்றே விஷயம்: எடுக்காமல் விட்ட ஷொட், தனியாகப் பதிந்த ஒலி, மாறிய வசனங்கள்.